சாவியைத் தொடாதீர்கள்: டீசல் டேங்கில் பெட்ரோல் விழுந்தால்

டீசல் காரின் டேங்கில் பெட்ரோல் விழுந்துவிட்டது என்று தெரிந்த நொடியில் ஓட்டுபவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சாவியைத் தொடாமல் இருப்பது. தொடாமல் விட்டால் டேங்கைக் கழுவி ஊற்றும் கூலியோடு, சில ஆயிரம் ரூபாயில் விஷயம் முடிந்துவிடும். ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட்டிவிட்டால் அதே காரின் பில் ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடும். இரண்டிலும் டேங்கில் விழுந்த பெட்ரோல் ஒரே அளவுதான். டேங்கில் அது சும்மா கிடந்ததா, இன்ஜினுக்குள் சுற்றி வந்ததா என்பதில்தான் இவ்வளவு வித்தியாசமும்.

நம் ஊரில் இந்தத் தவறு நடக்க வழி நிறைய இருக்கிறது. எண்ணெய் போடுவது நாமல்ல, பங்க் ஊழியர். ஒரே மாடல் கார் பெட்ரோலிலும் வருகிறது, டீசலிலும் வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. முன்பு டீசல் கார்கள் அதிகமாக ஓடிய காலத்தில் ஊழியரே ஒருமுறை கேட்டுக்கொள்வார். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களை அடியோடு நிறுத்தியது. மற்ற நிறுவனங்களும் சின்ன கார்களில் டீசலைக் குறைத்துக்கொண்டன. சின்ன கார் வந்து நின்றால் பெட்ரோல்தான் என்று கை தானாகப் போவதில் வியப்பில்லை. போதாக்குறைக்கு, பெட்ரோல் நாசிலின் குழல் பொதுவாக மெலிதானது. டீசல் டேங்கின் வாய் அகலமானது. தடையே இல்லாமல் உள்ளே போய்விடும். பெட்ரோல் காரில் டீசல் போடப் பார்த்தால் பல வண்டிகளில் தடித்த நாசில் வாயிலேயே முட்டி நின்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை நமக்குக் கெடுதலான இந்தத் திசையிலேயே நடக்கின்றன.

பெட்ரோல் ஏன் டீசல் இன்ஜினுக்கு இவ்வளவு ஆகாது? வெடித்துவிடும், தீப்பிடித்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையான ஆபத்து எரிவதில் தொடங்குவதில்லை, உராய்வில் தொடங்குகிறது.

இன்றைய டீசல் கார்கள் எல்லாமே காமன் ரெயில் முறையில் இயங்குபவை. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த இந்த முறை, 2000-க்குப் பிறகு மெல்ல இந்தியாவுக்கும் வந்து பரவியது. இதில் உயர் அழுத்த பம்ப் ஒன்று டீசலை அழுத்தி, ரெயில் என்ற தடித்த எஃகுக் குழாயில் நிரப்பி வைக்கும். அங்கிருந்து இன்ஜெக்டர்கள் தேவையான துளியை எடுத்து சிலிண்டருக்குள் பீச்சும். கார் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 2 பார். இந்த ரெயிலில், காலை அழுத்தி மிதிக்கும்போது 1,600 பார், சில கார்களில் 2,000 பார் வரைகூட ஏறும். அவ்வளவு அழுத்தத்தையும் தாங்கிப் பிடிக்க பம்புக்குள் ஓடும் பிஸ்டனுக்கும் அதன் சுவருக்கும் இடையில் விடப்பட்டிருக்கும் இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. ஒரு தலைமுடியின் தடிமனில் அது இருபதில் ஒரு பங்குகூட இருக்காது.

அந்த இடைவெளியில் தனியாக ஆயில் எதுவும் போடுவதில்லை. பம்ப் அழுத்தும் டீசலே அதற்கு ஆயில். டீசலில் இயல்பாக ஒரு வழவழப்பு உண்டு. கையில் பட்டால் பிசுபிசுப்பது அதனால்தான். பி.எஸ்.6 டீசலில் கந்தகத்தை 10 பி.பி.எம். அளவுக்கு எடுத்துவிடுகிறார்கள், எடுக்கும்போது இயல்பான வழவழப்பும் கொஞ்சம் போய்விடுவதால், அதை ஈடுகட்ட சுத்திகரிப்பு ஆலையிலேயே தனியாகச் சேர்மானம் கலக்கிறார்கள். அந்த அளவுக்கு இந்தப் பம்புக்கு வழவழப்பு உயிர். பெட்ரோலோ இதற்கு நேர் எதிர். பிசுக்கைக் கழுவ ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோலைத்தான் எடுப்பார்கள். அது பம்புக்குள் நுழைந்ததும் சுவரில் படிந்திருந்த டீசல் படலத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். எஃகும் எஃகும் நேராக உரசும்.

உரசினால் துகள் உதிரும். அது எங்கே போகிறது என்பதில்தான் செலவின் கணக்கே இருக்கிறது. காரின் டீசல் ஃபில்டர் பம்புக்கு முன்னால் இருக்கிறது; டேங்கிலிருந்து வரும் தூசியைத்தான் அது பிடிக்கும். பம்புக்குள்ளேயே பிறக்கும் இரும்புத் தூளைத் தடுக்க அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. தூள் நேராக ரெயிலுக்குப் போகும், அங்கிருந்து இன்ஜெக்டருக்கு. இன்ஜெக்டரின் நுனியிலுள்ள துளைகள் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். துளை அடைபடும், அல்லது உள்ளிருக்கும் ஊசி கீறிக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. காமன் ரெயில் இன்ஜின் எரிப்பதைவிட அதிக டீசலைச் சுற்றவிடும். மிச்சம் ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்கே திரும்பும். அதோடு இரும்புத் தூளும் டேங்குக்குப் போய்ச் சேரும். பம்ப் ஒன்று கெட்டதற்கு பம்ப், ரெயில், நான்கு இன்ஜெக்டர், குழாய்கள், டேங்க் சுத்தம் என்று எல்லாவற்றையும் பட்டியலில் எழுதுகிறார்களே என்று பலர் ஒர்க்‌ஷாப்பில் சண்டை போடுவார்கள். தூள் போன பாதையைப் பார்த்தால் அந்தப் பட்டியலில் பொய் இல்லை என்பது புரியும்.

இனி ஒரே மாதிரியான இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 50 லிட்டர் டேங்க். மிச்சமிருந்த டீசல் 10 லிட்டர். இரண்டிலும் தவறுதலாக 1,500 ரூபாய்க்குப் பெட்ரோல் விழுந்தது. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 15 லிட்டர். டேங்கில் இப்போது ஐந்துக்கு மூன்று பங்கு பெட்ரோல். பெட்ரோல் லேசானது, மேலே மிதக்கும், அடியில் டீசல் இருக்கும் என்று நம்பக் கூடாது. தண்ணீரும் எண்ணெயும் போல இவை பிரிந்து நிற்காது. நாசிலின் வேகத்திலேயே கலந்துவிடும், அதன்பின் பிரியவும் செய்யாது.

முதல் காரின் ஓட்டுநர் பங்க்கிலேயே கண்டுபிடித்துவிட்டார். எப்படி? டிஸ்பென்சர் திரையில் ஓடிய லிட்டர் விலை டீசல் விலையாக இல்லை. பில்லில் அது இன்னும் தெளிவாக இருக்கும். பல பங்க் பில்களில் பெட்ரோல், டீசல் என்று அச்சாகியிருக்காது. பெட்ரோலுக்கு MS, டீசலுக்கு HSD என்று இருக்கும். டீசல் கார் வைத்திருப்பவர் வண்டியை எடுக்கும் முன் அந்த மூன்று எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும். காரில் இருக்கும் எந்த விளக்கைவிடவும் முன்னதாகக் கிடைக்கும் எச்சரிக்கை அது.

“சாவியைத் தொடாதீங்க சார், அப்படியே தள்ளிரலாம்” என்று பங்க் ஊழியர் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். ஏசி ஓடட்டும், ஓரமாக நிறுத்தும் தூரம்தானே என்று ஸ்டார்ட் செய்யக் கூடாது. சாவியை ON நிலைக்குத் திருப்புவதும் வேண்டாம். பல கார்களில் டேங்குக்குள்ளேயே மின்சார பம்ப் இருக்கிறது. ON வந்தவுடன் அது சில விநாடி ஓடி, டேங்கில் இருப்பதை ஃபில்டர் வரை தள்ளிவிடும். இன்ஜின் சுற்றாததால் உயர் அழுத்த பம்ப் அப்போது உரசாதுதான். ஆனாலும் கலப்படம் டேங்கைத் தாண்டிவிடும், கழுவ வேண்டிய இடம் கூடிவிடும். சில கார்களில் டேங்க் பம்ப் கிடையாது, இன்ஜின் சுற்றினால்தான் டீசல் நகரும். உங்கள் காரில் எது என்று பங்க்கில் நின்று யோசிப்பதைவிடத் தொடாமல் இருப்பது எளிது.

தள்ளுவதற்கு ஸ்டியரிங் பூட்டு திறக்க வேண்டுமே? பெரும்பாலான சாவி கார்களில் ACC நிலை போதும். அதில் பம்ப் ஓடாது. பட்டன் ஸ்டார்ட் காரில் பிரேக்கையோ கிளட்சையோ மிதிக்காமல் ஒருமுறை அழுத்தினால் பெரும்பாலும் ACC, இரண்டாவது முறை அழுத்தினால் ON. ஒன்றோடு நிறுத்துங்கள். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, மெல்லத் தள்ள வேண்டும். கியரில் வைத்துத் தள்ளினால் இன்ஜின் சுற்றும், பம்பும் அதோடு சுற்றும். இன்ஜின் ஓடாதபோது பிரேக் கல்லாக இறுகியிருக்கும், ஸ்டியரிங் கனக்கும் என்பதையும் உள்ளே உட்காருபவர் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும். சரிவான இடமாக இருந்தால் தள்ளவே வேண்டாம். ரெக்கவரி வண்டி வரட்டும்.

இரண்டாவது காரின் ஓட்டுநர் கவனிக்கவில்லை. பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். முதல் ஓரிரு கிலோமீட்டர் ஒன்றுமே தெரியாது. குழாயிலும் ஃபில்டரிலும் இருக்கும் பழைய டீசல் தீரும்வரை வண்டி வழக்கம்போலவே ஓடும். ‘ஓடுகிறதே, அப்படியென்றால் சரியான எண்ணெய்தான்’ என்ற முடிவு தப்பாவது இங்கேதான்.

பிறகு சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம். ஆர்.பி.எம். முள் ஓரிடத்தில் நிற்காமல் மேலும் கீழும் ஆடும். இன்ஜின் சத்தம் மாறும். வழக்கமான டீசல் சத்தத்தோடு கூர்மையான ஒரு தட்டல் சேரும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் சூடேறிய காற்றில் டீசல் தானாகப் பற்றிக்கொள்ள வேண்டும். பெட்ரோலோ தானாகப் பற்றாமல் இருப்பதற்கென்றே தயாரிக்கப்படுவது. அதனால் பற்றத் தாமதமாகிறது. தாமதமாகச் சேர்ந்தது ஒரேயடியாகப் பற்றுகிறது. அந்த அடிதான் தட்டலாகக் கேட்கிறது. பாலம் ஏறும்போது வண்டி இழுக்காது. காலை மிதித்தால் ஒருகணம் யோசித்துவிட்டுத்தான் நகரும். பின்னால் சிலசமயம் வெள்ளைப் புகை வரும். எரியாத எண்ணெய் அது.

இவ்வளவுக்கும் பிறகுதான் டேஷ்போர்டு பேசத் தொடங்குகிறது. முதலில் வருவது பெரும்பாலும் இன்ஜின் வடிவத்தில் எரியும் மஞ்சள் விளக்கு. சில கார்களில் சுருள் கம்பி போன்ற ஹீட்டர் விளக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போதே விட்டுவிட்டு எரியும். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் அது எரிந்து அணைவது வழக்கம். ஓட்டத்தில் கண் சிமிட்டினால் இன்ஜின் கட்டுப்பாட்டில் கோளாறு என்று அர்த்தம். அடுத்து வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எவ்வளவு மிதித்தாலும் ஓர் அளவுக்கு மேல் போகாது. கம்ப்யூட்டர் இன்ஜினைக் காப்பாற்றப் பார்க்கிறது.

எந்த டேஷ்போர்டிலும் ‘பெட்ரோல் கலந்திருக்கிறது’ என்று சொல்லும் விளக்கு இல்லை. பெட்ரோலைக் கண்டறியும் சென்சாரே இந்தக் கார்களில் கிடையாது. ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்தால் எரியும் விளக்கு உண்டு; அது தண்ணீரை மட்டும்தான் பார்க்கும். அது எரியாததை வைத்து எண்ணெய் நல்ல எண்ணெய் என்று நிம்மதி அடையக் கூடாது. கம்ப்யூட்டருக்குத் தெரிவதெல்லாம் ரெயிலில் இருக்கும் அழுத்தம். ‘நான் கேட்டது இவ்வளவு பார், வந்தது இவ்வளவு’ என்று ஒவ்வொரு கணமும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். நீர்த்த பெட்ரோல் அந்தச் சில மைக்ரான் இடைவெளிகளில் கசிந்துவிடுவதால் கேட்ட அழுத்தம் ஏறாது. அப்போது பதிவாகும் கோடு பெரும்பாலும் `P0087`: ரெயில் அழுத்தம் குறைவு.

அதே கோடு ஃபில்டர் அடைத்தாலும் வரும், பம்ப் தேய்ந்தாலும் வரும். எண்ணெய் போட்ட கதையைக் கேட்காத மெக்கானிக் ஃபில்டரை மாற்றி, கோடை அழித்து, இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுவார். அதனால் எண்ணெய் போட்ட சற்று நேரத்தில் இந்த அறிகுறிகள் வந்தால், எந்த விளக்கு எரிகிறது என்பதற்கு முன்பே ‘கடைசியாக எங்கே, எத்தனை கிலோமீட்டருக்கு முன்னால் எண்ணெய் போட்டேன்’ என்பதைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவல் ஸ்கேனரைவிடச் சீக்கிரம் நோயைக் காட்டிக்கொடுக்கும்.

நடுக்கமோ தட்டலோ தெரிந்த உடனே ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும். அடுத்த பங்க்கில் டீசல் ஊற்றிக் கலந்துகொள்ளலாம், வீடு வரை போய்விடலாம் என்று போகும் ஒவ்வொரு கிலோமீட்டரும் பம்பைத் தின்னும். நின்றபின் செய்யும் தவறு இன்னும் மோசமானது. சூடான இன்ஜின் திரும்பப் பற்றாது. ஓட்டுநர் விடாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட்டர் அந்த உலர்ந்த பம்பையும் சேர்த்தே சுற்றுகிறது.

“டீசல் நிறைய ஊத்திக் கலந்து ஓட்டிருங்க தம்பி, அந்தக் காலத்துல நாங்களே பனிக்குப் பெட்ரோல் கலப்போம்” என்று அனுபவமுள்ள லாரி டிரைவர் ஒருவர் சொல்லக்கூடும். அவர் பொய் சொல்லவில்லை. குளிர் நாடுகளில் டீசல் உறைந்து கட்டியாகாமல் இருக்கக் கொஞ்சம் பெட்ரோல் கலக்கலாம் என்று பழைய டீசல் கார்களுக்கு அனுமதி இருந்தது. பழைய லாரிகளில் வரிசையாக நிற்கும் இன்லைன் பம்பின் கேம் ஷாஃப்ட் பகுதிக்குத் தனி ஆயில் உண்டு. அழுத்தமும் இன்றைய ரெயிலில் இருப்பதில் ஒரு பகுதிதான். அது தாங்கியது. டீசலையே ஆயிலாக நம்பி நிற்கும் காமன் ரெயில் பம்புக்கு அந்த அறிவுரையைக் கொண்டுவரக் கூடாது. ‘இரண்டு லிட்டர்தானே விழுந்தது, முழு டேங்க் டீசல் போட்டால் நீர்த்துப்போகுமே’ என்பதையும் நான் ஏற்கமாட்டேன். எத்தனை சதவீதம்வரை அந்தப் பம்ப் தாங்கும் என்று யாரும் உங்களுக்கு எழுதித் தரப்போவதில்லை. ஸ்டார்ட் செய்யாத காரில் இரண்டு லிட்டருக்கும் இருபது லிட்டருக்கும் டேங்கைக் கழுவும் கூலி ஏறக்குறைய ஒன்றுதான். எடுத்துவிடுவதே மலிவு.

எடுக்கும் வேலையை வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளக் கூடாது. டீசலைத் திறந்து வைத்தால் நம் ஊர் வெயிலில்கூட எளிதில் தீப்பற்றாது. அதில் பெட்ரோல் கலந்துவிட்டால் ஆவி பெட்ரோலைப் போலவே பற்றும். குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து இருக்கிறது. அது மருத்துவமனை வரை கொண்டுபோகும். புதிய கார்களின் டேங்க் வாயில் தடுப்பு இருப்பதால் குழாய் பெரும்பாலும் உள்ளே இறங்கவும் செய்யாது. எடுத்த கலவையைப் பைக்குக்கு ஊற்றவும் கூடாது, சாக்கடையில் விடவும் கூடாது; ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிடுங்கள்.

முதல் காருக்கு ஒர்க்‌ஷாப்பில் நடப்பது இதுதான். டேங்கைத் திறந்து முழுதாக வடிப்பார்கள், கொஞ்சம் புது டீசல் விட்டு அலசி மறுபடி வடிப்பார்கள். குழாயையும் டீசல் விட்டுத் துடைப்பார்கள், ஃபில்டரை மாற்றுவார்கள். பிறகு டீசல் நிரப்பி, பிரைமரை அமுக்கி ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்வார்கள். பெரும்பாலும் அன்று மாலையே கார் வீட்டுக்கு வந்துவிடும்.

இரண்டாவது காருக்கு இதோடு ஒரு பரிசோதனை சேர்கிறது. அதை நீங்களே நின்று பார்ப்பது நல்லது. பம்பின் அளவுக் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றி, அதன் வலையில் மினுமினுக்கும் தூள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ஃபில்டரை அறுத்து, காகித மடிப்புகளை விரித்து, வெயிலில் காட்டிப் பார்க்க வேண்டும். ரிட்டர்னில் டேங்குக்குப் போன தூள் திரும்ப வந்து அங்கே சிக்கியிருக்கும். வெறும் கறுப்பு அழுக்கு என்றால் கவலை இல்லை. வெள்ளி நிறத்தில் மின்னும் பொடி தெரிந்தால் பம்ப் உதிரத் தொடங்கிவிட்டது என்று பொருள். பம்பை மட்டும் மாற்றி அனுப்பினால் ரெயிலில் மிச்சமிருக்கும் தூள் இன்ஜெக்டரையும் கெடுக்கும். தூள் எதுவும் இல்லாவிட்டால், கழுவி ஃபில்டரை மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். சில நூறு கிலோமீட்டர் கழித்து அந்த ஃபில்டரையும் ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருந்தால், தவறான எண்ணெயை வடித்துத் தருவதும் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப்போவதும் பல பாலிசிகளில் அடக்கம். ஓட்டியதால் கெட்ட பம்பின் செலவு சாதாரண பாலிசியில் எளிதில் கிடைக்காது. தெரிந்த பிறகும் ஓட்டியது தெரியவந்தால் இன்னும் கடினம். பங்க் ஊழியரின் தவறு என்றால், அங்கேயே மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து, புகார்ப் புத்தகத்திலும் பதிந்துவிட்டு, பில்லைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில் தாளின் எழுத்து சில மாதத்தில் மங்கிப்போகும். நீங்கள் டீசல் கேட்டதற்கும் அவர்கள் பெட்ரோல் போட்டதற்கும் அந்தத் தாளில் உள்ள MS என்ற இரண்டு எழுத்தும், பங்க்கின் கேமராப் பதிவும்தான் சாட்சி. பழைய பதிவு தானாக அழியும் முன் அதை எடுத்து வைக்கச் சொல்லி அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.